தம்ப்நெயில் ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம்

மன்னார்குடி, பாபநாசம், திருவாரூர் பக்கம் வயல் வீடியோ போட ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் எடிட்டிங்குக்கு என்னிடம் வருகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய கூத்தையே வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். மங்கலான படம், எழுத்துப்பிழை, காற்று இரைச்சல் எல்லாவற்றையும் கமென்ட்டில் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். யாரும் சொல்லாமல், வியூ மட்டும் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும் தவறுகள் வேறு.

## எடுத்து முடித்த பிறகு "என்ன போடலாம்" என்று யோசிப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது. போன சம்பாவில் ஒரு தம்பி புகையான் பற்றி வீடியோ கொண்டுவந்தான். நல்ல உழைப்பு, தகவலும் சரி. ஆனால் தம்ப்நெயிலில் "ஒரே ராத்திரியில் கருகிய வயல்!" என்று சிவப்பு எழுத்து. தலைப்பு "நெல்லில் புகையான் பூச்சி மேலாண்மை முறைகள்". வீடியோவைத் திறந்தால் வெண்ணாற்றுக்கு மேலே ட்ரோன் பறக்கிறது, பின்னணியில் நாதஸ்வரம், அப்புறம் சேனல் லோகோ, அப்புறம் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி. மூன்றும் மூன்று ஆட்களைக் கூப்பிடுகின்றன. தம்ப்நெயில் வேடிக்கை பார்ப்பவரை இழுக்கிறது. தலைப்பு வேளாண் கல்லூரி மாணவருக்கு. ட்ரோன் காட்சி யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

உண்மையில் இந்த வீடியோவைத் தேடி வருபவர் யார்? தன் வயலில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் பயிர் பழுப்பேறிக் காய்வதைப் பார்த்துவிட்டு, வரப்பில் நின்றபடியே போனை எடுப்பவர். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இது புகையானா, வேறு ஏதாவதா என்பது. "ஒரே ராத்திரி" என்ற வார்த்தையைப் பார்த்ததுமே அவருக்குப் பொய் தெரிந்துவிடும். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பச்சையாக இருக்கும்போதே அடியில் பெருகிக்கொண்டிருக்கும். நாம் கவனிக்காத நாட்களையெல்லாம் ஒரு ராத்திரியில் அடக்குவது எந்த ஊர் நியாயம்?

யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். முதல் முப்பது விநாடிக்குள் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. அப்புறம் படுத்தே கிடந்த கோடு, வீடியோவின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் மேடாக எழுந்தது. அங்கே என்ன என்று போட்டுப் பார்த்தால், ஒரு பெரியவர் குனிந்து நெல் குத்தைக் கையால் பிரித்துக் காட்டுகிறார். அடியில் பழுப்பு நிறப் பூச்சிகள் மொய்க்கின்றன. "இந்தா பாரு தம்பி, மேலேர்ந்து பாத்தா தெரியுமா இது?" என்கிறார். ஜனங்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்சிதான் வீடியோ. அதைப் பல நிமிஷம் தள்ளிப் புதைத்து வைத்தால் யார் தோண்டுவார்கள்?

"அதை முன்னாடி தூக்கி வச்சிடலாமாண்ணே?" என்றான். ஏற்றிய வீடியோவில் அது முடியாது. யூடியூப் எடிட்டரில் Trim & cut வைத்து வெட்டி எடுக்கலாம், காட்சியை இடம் மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ வழியில்லை. வெட்டினால் லிங்க், வியூ, கமென்ட் எல்லாம் அப்படியே இருக்கும், அது ஒரு ஆறுதல். ஆகவே ட்ரோனையும் லோகோவையும் வாழ்க்கைச் சுழற்சியையும் வெட்டிவிட்டு, பெரியவர் வயலில் இறங்கும் இடத்திலிருந்து வீடியோவைத் தொடங்க வைத்தோம். தம்ப்நெயிலுக்குக் கை குத்தைப் பிரிக்கும் படம், மேலே "வட்டமாகக் காய்கிறதா?" என்று இரண்டே சொல். தலைப்பு: "சம்பாவில் புகையான்: தூரில் எத்தனை பூச்சி இருந்தால் மருந்து?" தம்ப்நெயில் அறிகுறியைக் கேட்கிறது, தலைப்பு முடிவைக் கேட்கிறது, முதல் காட்சி அந்தப் பூச்சியைக் கண்ணில் காட்டுகிறது. ஆள் ஒருவரே.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வீடியோவுக்குள் பதிலும் இருக்க வேண்டும். நல்லவேளை, இருந்தது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். பூச்சியைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை அள்ளி வீசக் கூடாது. கண்ட பைரித்ராய்டு மருந்தை அடித்தால் பூச்சி இன்னும் பெருகும். இந்தப் பதில் உள்ளே இல்லாமல் அந்தத் தலைப்பை வைத்திருந்தால், பழைய பொய்யை எடுத்துவிட்டுப் புதுப் பொய்யை வைத்த கதைதான்.

இப்போது அந்தத் தம்பிக்கு ஒரு கண்டிஷன். கேமராவை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பும் முன்பே தம்ப்நெயிலில் வரும் வார்த்தையும் தலைப்பும் ஒரு தாளில் இருக்க வேண்டும். வயலில் போய்ப் பார்த்தால் நிலவரம் வேறாக இருக்கலாம். இருந்தால் தாளைத் திருத்து. எடுத்துவிட்டு வந்து தாளைத் தேடாதே.

## தலைப்பையே தம்ப்நெயிலில் திரும்ப எழுதுவது

இடம் வீண்.

## க்ளிக்கைப் பார்த்துக் குதிப்பது

"ஒரே ராத்திரி" தம்ப்நெயிலுக்கு க்ளிக் விகிதம் நன்றாகவே இருந்தது. அதைக் காட்டித்தான் தம்பி வாதாடினான். க்ளிக் ஏறி, முப்பதாவது விநாடிக்குள் கூட்டம் கலைந்தால், வாக்குறுதி ஒன்று, சரக்கு வேறு என்று அர்த்தம். க்ளிக் குறைவு, வந்தவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் சரக்கு நல்லது, அதை வெளியே சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதில் தம்ப்நெயிலையும் தொடக்கத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும், இரண்டாவதில் வீடியோவைத் தொடவே கூடாது.

சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரில் ஸ்டுடியோவைத் திறந்து, Test & compare மூலம் மூன்று தம்ப்நெயில் வரை போட்டிக்கு விடலாம். அங்கே ஜெயிப்பது அதிகம் க்ளிக் வாங்கியது அல்ல, அதிக நேரம் பார்க்க வைத்தது. யூடியூப் எதை எண்ணுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான பதில் கிடைக்காது.

## முதல் ஐந்து விநாடியைக் காதுக்கு மட்டும் வைப்பது

போனில் முகப்புப் பக்கத்தில் உருட்டும்போதே வீடியோ சத்தமில்லாமல் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் "வணக்கம் உறவுகளே" என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அவருக்குத் தெரிவது அசையும் வாய்தான். தம்ப்நெயிலில் காட்டிய பொருளே முதல் காட்சியிலும் இருக்கட்டும்.

## வலது கீழ் மூலையில் எழுதுவது

நேரக் கட்டம் அதை மறைக்கும்.

## தண்ணீர்ச் செய்தியில் பழைய படம்

மேட்டூர் திறப்பு என்றால் இங்கே எல்லாச் சேனலுக்கும் திருவிழா. ஷட்டரைத் தூக்கிய அன்று மாலையே கல்லணையில் நுரை பொங்கும் தம்ப்நெயில், "பாய்ந்து வந்தது காவிரி" என்று தலைப்பு. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணை வர மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு அதற்கும் மேலே. இது நாற்றங்கால் போடும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று அந்தப் படம் போன வருஷத்துப் படம் என்பதை ஒரு விநாடியில் பிடித்துவிடுவார்கள்.

யூடியூபும் இதில் இறங்கியிருக்கிறது. வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் சொல்லும் பதிவுகள் மீது இந்தியாவில் நடவடிக்கையை இறுக்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். செய்தி, நடப்பு நிகழ்வு வகையைக் குறிப்பாகவே சொன்னார்கள்.

தலைப்பில் "இன்று" என்று எழுதுவதும் இதே வகைதான். அடுத்த ஆடியில் யூடியூப் அதையே இன்னொருவருக்குப் பரிந்துரைக்கும், அப்போது அது பொய்யாகியிருக்கும். திறந்த தேதியையும் வருஷத்தையும் தலைப்பின் முன்பாதியிலேயே எழுதுங்கள், பின்பாதியைப் போன் வெட்டிவிடும். திறந்த அன்று கல்லணையைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர் இன்னும் வராத கல்லணையையே காட்டி, தம்ப்நெயிலில் "எப்போது வரும்?" என்று கேளுங்கள்.