காணி உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் முன்

உறுதியின் கடைசிப் பகுதியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியை வாசித்த பிறகே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். விற்பவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், "சாட்சிகள் இவரை அறிவார்கள்" என்று அதில் இருக்கும். அதாவது, ஆள் இவர்தான் என்பதற்கு நீங்களே பொறுப்பு.

உப்புவெளியில் ஒரு காணி, உரிமையாளர் கனடாவில். அவர் பெயரில் வேறொருவர் வந்து கையெழுத்திட்டால், வழக்கில் உங்களையும் கூப்பிடுவார்கள். தெரிந்தே போட்டதாகச் சந்தேகம் வந்தால் மோசடிக்கு உடந்தை என்றும் விசாரிப்பார்கள். விற்பவர் முகம் தெரியாதவர் என்றால் மறுத்துவிடுங்கள், கையெழுத்துக் கேட்பவர் உங்கள் உறவினராக இருந்தாலும் சரி.

விற்பவரை நொத்தாரிசே அறிந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அப்போதும் விற்பவர், நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவைக்கும் உறுதியில் கையெழுத்துப் போடாதீர்கள்.