பச்சிளங்குழந்தையின் மார்பைப் பிழியாதீர்கள்

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் குழந்தைநல மருத்துவரிடம் வரும் கவலைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஆண் குழந்தைக்கு மார்பு வீங்கியிருக்கிறது, பெண் குழந்தையின் துணியில் இரத்தம் பட்டிருக்கிறது, உடம்பெல்லாம் சிவப்புத் திட்டுகள். புதிதாக வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள் இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதுகிறார்கள். எங்கள் தலைமுறையும் அதைத்தான் செய்தது. குளிக்க வைக்கும்போது தலையைச் சரியாகத் தாங்காதது போன்ற தவறுகளை வீட்டுப் பெரியவர்களே திருத்திவிடுவார்கள். அந்தப் பெரியவர்களே முன்னின்று செய்யும் தவறைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

மார்பைப் பிழிவது

கருவில் இருக்கும்வரை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குழந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் மார்புக் காம்புக்கு அடியில் உள்ள சிறு மொட்டு அதனால் வளர்கிறது. ஆணானாலும் பெண்ணானாலும் இதில் வேறுபாடு இல்லை. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் குழந்தையின் உடலிலேயே உண்டு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருக்கும்வரை அது பாலைச் சுரக்க விடாது. தொப்புள்கொடியை வெட்டியதும் ஈஸ்ட்ரோஜன் சடசடவென இறங்குகிறது. தடை நீங்கிவிடுவதால் மொட்டு வீங்குகிறது, சில குழந்தைகளுக்கு இரண்டொரு துளி பாலும் கசிகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். குறைமாதக் குழந்தைகளின் மொட்டு அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

விட்டுவிட்டால் சில வாரங்களில் தானாக வற்றிவிடும். சிலருக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, சில மாதங்கள்வரை நீடிப்பதும் உண்டு. ஆனால் விடுவதில்லையே! "பால் கட்டியிருக்கிறது, பிழிந்து எடுக்காவிட்டால் பிள்ளைக்கு வலிக்கும்" என்று குளிப்பாட்ட வரும் அம்மாள் காலில் போட்டு எண்ணெய் தடவி இரண்டு விரலால் பிதுக்குகிறார். பெண் பிள்ளை என்றால் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும்: இப்போதே எடுத்துவிட்டால்தான் பிற்பாடு மார்பு ஒழுங்காக அமையுமாம். உண்மை இதற்கு நேர் எதிரானது. இந்தப் பேச்சைக் கேட்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பிழியப் பிழியக் காம்பு தூண்டப்பட்டுச் சுரப்பு நிற்காமல் தொடர்கிறது. வீக்கம் குறையவில்லை என்று மறுநாள் இன்னும் அழுத்திப் பிழிகிறார்கள். மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. தோலிலும் விரல்களிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அதன் வழியே உள்ளே போகிறது.

அப்படி வந்த ஒரு பெண் குழந்தையைச் சொல்கிறேன். நிறைமாதம், மூன்று கிலோவுக்குக் குறையாத எடை, நல்ல பால்குடி. ஐந்தாம் நாள் இரண்டு மார்பும் வீங்கின. பாட்டி தினமும் குளியலின்போது பிழிந்தார். பத்தாம் நாள் வாக்கில் வலது பக்கம் மட்டும் பெரிதானது. வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தபோது வலது மார்பின் தோல் பளபளத்து இறுகி, தொட்டாலே குழந்தை வீறிட்டது. காய்ச்சல் இல்லை. "காய்ச்சல்தான் இல்லையே டாக்டர், அதனால்தான் காத்திருந்தோம்" என்றார் தந்தை. இந்தத் தொற்றில் பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே வராது என்பதை அவர் எப்படி அறிவார்? ஸ்கேனில் சீழ் தெரிந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றி, அறுவை மருத்துவர் ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார். வெட்டித் திறக்க அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தக் குழந்தை வளர்ந்து பருவமடையும்போது மார்பாக ஆக வேண்டியது அந்த ஒரே ஒரு மொட்டுதான். சீழாலோ கத்தியாலோ அது சிதைந்தால் மறுபடி முளைக்காது. ஒரு பக்கம் சிறுத்துப் போகலாம். பாட்டி எதற்குப் பயந்து பிழிந்தாரோ, அது பிழிந்ததாலேயே நேரக்கூடும்.

இயல்பான வீக்கத்தைக் கண்டுகொள்வது கடினமன்று. பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், ஒன்று சற்றுப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. தோலின் நிறம் மாறாது. குழந்தை வழக்கம்போல் குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடாக, இறுகலாக, தொட்டால் அழும்படி மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, எது சூடாக இருக்கிறது என்று பாருங்கள். காம்பிலிருந்து சீழ் வந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், உடல் சூடு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அன்றைக்கே போங்கள்.

எண்ணெய் தேய்த்து நீவுவது, ஒத்தடம் கொடுப்பது, துணியால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். குளியலின்போது மார்பின் மேல் தண்ணீர் ஓடினால் போதும்.

துணியில் இரத்தத்தைப் பார்த்துப் பதறுவது

இதற்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் காரணம். தாயின் ஹார்மோனால் தடித்திருந்த கருப்பையின் உள்வரி, அது நின்றதும் உதிர்கிறது. முதல் வாரத்தில் வெள்ளையாகக் கொழகொழப்பாக வரலாம், இரண்டு மூன்று நாள் இரத்தக் கறையும் கலந்திருக்கலாம். பிறப்புறுப்பு சற்றுத் தடித்துத் தெரியும். முன்னிருந்து பின்னாக, ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டாம்.

பொட்டுப் பொட்டாக வருவதற்கும் கட்டிகட்டியாக வருவதற்கும் வேறுபாடு பெரிது. இரத்தம் நிற்காமல் வந்தால், அல்லது தொப்புளிலோ மலத்திலோ சேர்ந்து தெரிந்தால், பிறந்தவுடன் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும். டிஸ்சார்ஜ் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.

சிவப்புத் திட்டுகளுக்குக் களிம்பு

இரண்டாம் நாள் வந்து, இடம் மாறி மாறித் தோன்றி, ஒரு வாரத்தில் மறையும். ஒன்றும் தடவாதீர்கள். சீழ்க் கொப்புளம் வேறு, அதைக் காட்டுங்கள்.

அண்ணத்து வெள்ளை முத்துகளைத் துணியால் தேய்ப்பது

வேண்டாம். தாமாக மறையும்.

தலையில் இருக்கும் இரத்தக் கட்டியை நீவுவது

கூடாது. ஊசி போட்டு உறிஞ்சவும் கூடாது. அது கரையச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அது கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம் என்பதால் அதைமட்டும் கவனியுங்கள்.

செங்கல் நிறக் கறையை எப்போதும் சாதாரணம் என்று விட்டுவிடுவது

சிறுநீர் பட்ட துணியில் இளஞ்சிவப்பாக, செங்கல் பொடி போலப் படியும் கறையை இரத்தம் என்று நினைத்து ஓடி வருகிறார்கள். ஆண் குழந்தைகளின் துணியிலும் வரும். அது யூரேட் என்னும் உப்புப் படிகம். காய்ந்ததும் துணியின் மேல் பொடியாகவே நிற்கும், இரத்தம் போல இழைகளுக்குள் ஊறாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் தாய்ப்பால் குறைவாகச் சுரப்பதால் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், அதனால் வருகிறது.

இங்கே இளம் மருத்துவர்கள் எதிர்ப்பக்கம் சறுக்குகிறார்கள். ஆறாம் நாள் இதே கறையோடு வரும் தாயிடமும் "ஒன்றுமில்லை, சாதாரணம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாளில் அது சாதாரணமன்று. குழந்தைக்குப் பால் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று கேட்க வேண்டும், பிறந்த எடையோடு இன்றைய எடையை ஒப்பிட வேண்டும், தாய் பால் கொடுப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால், மார்பின் கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வைத்துவிட்டு, மறுநாளே எடை பார்க்க வரச் சொல்லுங்கள்.