லாரி பழுதுச் செலவா? புள்ளி வைத்துப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கிறீர்களா? எது நிலையான செலவு, எது ஓட்டத்தோடு மாறும் செலவு என்று தெரிய, முதலில் கணக்கைத் தலைப்புவாரியாகப் பிரியுங்கள். சாலை வரி, இன்சூரன்ஸ் நிலையானவை. டீசல் ஓட்டத்தோடு ஏறும். ஓட்டுநர் சம்பளத்தில் நடைக்காசு கலந்திருந்தால் தனியாக எடுங்கள்.

இழுபறி பழுதுச் செலவில்தான். அது நிலையானது, மாறுவது இரண்டில் எதிலும் முழுதாக அடங்காது. ஒரு வருஷ பில்லை எடுத்து, கட்டத்தாளில் கீழே மாத டன், இடப்பக்கம் வெள்ளி என்று மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் புள்ளிகளுக்கு நடுவாக ஒரு கோடு. அது இடப்பக்க அச்சை 800 வெள்ளியில் தொட்டு, 400 டன்னில் 2,000-க்கு ஏறினால், நிலையான பங்கு மாதம் 800, மாறும் பங்கு டன்னுக்கு 3 வெள்ளி: (2,000 − 800) ÷ 400. கியர்பாக்ஸ் மாற்றிய மாதம் மட்டும் ஒற்றையாக மேலே நிற்கும். அதற்காகக் கோட்டைத் தூக்காதீர்கள். புள்ளிகள் 250 முதல் 450 டன் வரைதான் என்றால், 700 டன்னுக்கு இந்தக் கோட்டை நம்ப முடியாது.

சரி, புது லாரிக்குப் பழைய பில் ஏது? அங்கே பொறியியல் மதிப்பீடுதான்: டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், எஞ்சின் எண்ணெய் எப்போது மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவது. அது ஆக வேண்டிய செலவு. கோடு காட்டுவது ஆன செலவு. மதிப்பீடு டன்னுக்கு 2, பின்னால் பில் சேர்ந்து போட்ட கோடு 3 என்றால், அதிக பாரம் ஏற்றுகிறார்களா என்று முதலில் பாருங்கள்.