தாடை எடுப்பாக இருந்தால் பிக்ஸி வெட்டில் காதோரம் கவனம்

தாடை எலும்பு எடுப்பாக உள்ள பெண்களுக்கும், முடியை நன்கு குட்டையாக வெட்டும் பிக்ஸி வெட்டு அழகாகவே பொருந்தும். காதோர முடி எங்கே முடிகிறது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது தாடை முனையில் நேர்கோடாக நின்றால் பார்வை அங்கேயே தங்கி, முகம் இன்னும் சதுரமாகத் தெரியும். காதின் நடுப்பகுதி அளவில், கன்ன எலும்பை ஒட்டி முடியச் சொல்லுங்கள். கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கொத்திக் கொத்தி வெட்டினால் ஓரம் மென்மையாகும். முன்முடி பக்கவாட்டில் சரியட்டும். நெற்றியில் நேராக வெட்டியது வேண்டவே வேண்டாம்.

சுருள் முடி ஈரத்தில் நீண்டிருக்கும், காய்ந்ததும் மேலேறிவிடும். கடைசித் திருத்தத்தைக் காய்ந்த முடியில்தான் செய்ய வேண்டும். என் தோழிக்கு ஈரத்திலேயே முடித்துவிட்டார்கள். காதோரம் அரை அங்குலம் ஏறிப்போய், அது வளர ஒரு மாதம் காத்திருந்தாள்.