குறைமாதக் குழந்தையின் வெளுத்த நுரையீரல்: எக்ஸ்ரேயைப் படிப்பதில் நேரும் தவறுகள்

குளியலறைச் சன்னலில் போடும் மங்கல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. 34 வாரத்துக்கு முன்பே பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரே பல நேரம் அப்படித்தான் இருக்கும். இரு நுரையீரலும் பொடிமணல் தூவியதுபோல ஒரே சீராக மங்கியிருக்கும். அதன் நடுவே கிளைகிளையாகக் கறுத்த காற்றுக்குழல்கள் தெரியும்.

காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை. காற்று நுண்ணறைகளின் உட்சுவர் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பு போன்ற வழவழப்பான பொருள் இது. மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் இந்தத் தொடர்பைக் காட்டினார்கள். சர்ஃபாக்டன்ட் போதாதபோது மூச்சை விட்டதும் நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. காற்றில்லாத நுரையீரல் படத்தில் வெளுக்கும். ஆனால் பெரிய குழல்கள் சுருங்குவதில்லை. வழக்கமாகக் காற்றுக்கு நடுவே காற்றாகக் கிடந்து கண்ணில் படாத அந்தக் குழல்கள், சுற்றிலும் வெளுத்துவிட்டதால் கறுப்பாக எடுத்துக்காட்டப்படுகின்றன.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றே: வெண்மையை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது. நுரையீரல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உதரவிதானத்துக்கு மேலே முதுகுப்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். எட்டு இருந்தால் விரிவு சரி. சர்ஃபாக்டன்ட் இல்லாத, தொடர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சிபாப் வைக்காத குழந்தைக்கு ஏழு அல்லது அதற்கும் குறைவாகத்தான் வரும். மங்கலாக இருந்தும் ஒன்பது, பத்து எலும்புகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிறப்பின்போது வெளியேறாமல் தங்கிய நுரையீரல் நீராக இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான சறுக்கலும் உண்டு. நல்ல நுரையீரலைக்கூட மூச்சு விட்ட நொடியில் படம் எடுத்தால் சிறுத்து வெளுத்துவிடும், இதயமும் பெரிதாகத் தெரியும். அந்தப் படத்தில் மூச்சுக்குழாய் வளைந்து நெளிந்திருப்பது ஒரு துப்பு. படம் எடுப்பவர் குழந்தையின் வயிற்றைக் கவனித்து, அது மேலெழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் இந்தக் குழப்பமே வராது. உடல் ஒருபுறம் திரும்பியிருந்தாலும் இரு பக்க நிறமும் வேறுபடும். முன்பக்க விலா எலும்புகளின் நீளம் இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசுங்கள்.

காற்றுக்குழல் தெரிவதையே நோய்க்குச் சான்றாகக் கொள்வது அடுத்த தவறு. இடப்பக்கம் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஓடும் குழல்கள், நோயில்லாத குழந்தையிலும் தெரியும். இதயத்தின் வெண்மையே அவற்றை எடுத்துக்காட்டிவிடுகிறது. இதய நிழலைத் தாண்டி, நுரையீரலின் வெளி ஓரம்வரை குழல்கள் கிளைத்துச் செல்வது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு.

படத்தில் மங்கல் குறைவு என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. பிறந்து ஓரிரு மணி நேரத்தில் எடுத்த படம் பின்னால் வரப்போகும் நிலையைக் காட்டாமல் போகலாம். சிபாப் அழுத்தம் நுரையீரலை விரித்துவைத்திருப்பதால் படம் தெளிவாகத் தோன்றவும் கூடும். சிபாப்பைப் பிரசவ அறையிலேயே தொடங்க வேண்டும். அதற்குப் படம் தேவையில்லை. 6 செ.மீ. நீரழுத்தத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் கொடுப்பது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். முடிவைத் தீர்மானிப்பது குழந்தையின் ஆக்சிஜன் தேவைதான்.

படம் அச்சு அசலாகப் பொருந்துவதால் தொற்று இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியா இதே மங்கலையும் இதே குழல்களையும் காட்டக்கூடும். நெஞ்சறையில் நீர் கோத்திருந்தால் தொற்றின் பக்கம் தராசு சாயும். ஆனால் நீர் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தாலோ, தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தையின் இரத்த அழுத்தம் தொய்ந்தாலோ, இரத்தக் கல்ச்சருக்கு மாதிரி எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதே சரி.

சர்ஃபாக்டன்ட் கொடுக்கும் நேரத்துத் தவறை ஒரு கணக்கோடு பார்ப்போம். 29 வாரக் குழந்தை, எடை 1200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சிபாப் 6 செ.மீ., ஆக்சிஜன் 45 சதவீதம், படத்தில் ஏழு விலா எலும்புகள், ஓரம்வரை குழல்கள். போராக்டன்ட் என்னும் சர்ஃபாக்டன்ட் மருந்து கிலோவுக்கு 200 மி.கி. என்றால் 240 மி.கி.; ஒரு மி.லி.யில் 80 மி.கி. இருப்பதால் 3 மி.லி. மருந்தை உள்ளே விடும் செயற்கை மூச்சுக்குழாய் உதட்டில் நிற்க வேண்டிய ஆழம், கிலோ எடையோடு ஆறைக் கூட்டினால் 7.2 செ.மீ. அவசரத்தில் அது 8.5இல் ஒட்டப்படுகிறது. குழாய் நுனி வலது பிரதான மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிடுகிறது. மூன்று மி.லி.யும் ஒரே நுரையீரலுக்குப் போகிறது.

அடுத்த படத்தில் வலப்பக்கம் பளிச்சென்று தெளிந்திருக்கும். இடப்பக்கம் முழுவதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வலது மேல்மடலின் கிளையையும் குழாய் தாண்டியிருந்தால் அந்த மடலும் வெளுக்கும். இதை 'மருந்து பாதி வேலை செய்திருக்கிறது' என்று படித்து வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டினால், அந்த அழுத்தம் முழுவதும் ஏற்கெனவே விரிந்த வலப்பக்கத்தின் மேல் விழும். அது கிழிந்து காற்றுக் கசிய இடமுண்டு. மருந்தை விடுமுன் உதட்டில் உள்ள அளவைப் படித்து, இரு அக்குளிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் காற்றொலி சமமா என்று கேட்பது ஒரு நிமிட வேலை. படத்தில் நுனி முதல், இரண்டாம் மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது தலை எப்படி இருந்தது என்பதையும் கேளுங்கள். தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் குழாய் கீழே போகும், தலை நிமிர்ந்தால் மேலே வரும். இவ்வளவு சிறிய மூச்சுக்குழாயில் சில மி.மீ. நகர்ந்தாலே இடம் மாறிவிடும். குழாய் சரியான இடத்தில் இருந்தும் மருந்து சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் முந்தித் தெளிவதுண்டு. ஆகவே முதலில் நுனியைத் தேடுங்கள், பிறகு மருந்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, மிகவும் ஏமாற்றக்கூடிய ஒன்று. வென்டிலேட்டரில் இரண்டாம், மூன்றாம் நாள் எடுத்த படத்தில் வெண்மைக்குள் கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தோன்றும். 'தெளிய ஆரம்பித்துவிட்டது' என்றோ 'காற்றுக்குழல்கள் நன்றாகத் தெரிகின்றன' என்றோ மனம் நம்ப விரும்பும். அது நுண்ணறை கிழிந்து காற்று திசுவுக்குள் புகுந்த நிலையாக இருக்கலாம். உண்மையான குழல் மையத்திலிருந்து கிளைத்து, வெளியே போகப்போக மெலியும். கசிந்த காற்றோ கிளைக்காது, மெலியாது. குட்டைக் கீற்றுகளாகவும் குமிழ்களாகவும் ஓரம்வரை சிதறிக் கிடக்கும். நுரையீரலும் முன்பைவிட உப்பியிருக்கும். படம் கறுத்துவரும்போதே ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டு போனால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அப்போது அழுத்தத்தைக் குறைக்க வழி பார்ப்பார்கள். கசிவு ஒரு பக்கம் மட்டுமென்றால் அந்தப் பக்கம் கீழிருக்கக் குழந்தையைக் கிடத்துவார்கள். நெஞ்சறைக்குள் காற்று வெடித்துப் புகுந்தால் உடனே வெளியேற்ற ஊசியும் மூன்றுவழி வால்வும் தொட்டிலருகே தயாராக இருக்கும்.