சிங்கப்பூர் நம்பரில் யுபிஐ போடுவது எப்படி?

ஊரில் இருக்கும் வீட்டுக்கு இ.பி. பில் கட்ட வேண்டும், அம்மாவுக்கு மருந்துக் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டும், நம்மிடம் இருப்பதோ +65 நம்பர் மட்டும். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது செத்தே போயிருக்கும். பல பேர் இந்த இடத்தில்தான் தம்பிக்கோ அக்காவுக்கோ போன் போட்டு "நீ கட்டிடு, அப்புறம் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் 2023 ஜனவரியிலேயே என்பிசிஐ (யுபிஐயை நடத்தும் இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம்) வெளிநாட்டு நம்பரோடு யுபிஐ போட அனுமதி கொடுத்துவிட்டது. முதலில் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவுதி, அமீரகம், பிரிட்டன் என்று 10 நாடுகள். பின்னால் பிரான்ஸும் மலேசியாவும் சேர்ந்தன.

நான் செய்தது சிங்கப்பூர் நம்பரில், ஒரு என்.ஆர்.ஓ கணக்கோடு. அதையே வரிசையாகச் சொல்கிறேன். மற்ற நாடுகளில் நாட்டுக் குறியீடு மட்டும்தான் மாறும்.

ஆப்பைத் தொடும் முன்: உங்கள் கணக்கு எது?

வெளிநாட்டு நம்பரோடு இணைக்க முடிவது என்.ஆர்.இ அல்லது என்.ஆர்.ஓ கணக்கை மட்டும்தான். ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால் யுபிஐ மட்டுமல்ல பிரச்சினை. நீங்கள் என்.ஆர்.ஐ ஆனபின் அதை அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஓவாக மாற்றியிருக்க வேண்டும். வங்கியில் அதற்கென்று படிவம் இருக்கிறது. முதலில் அதை முடியுங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் யுபிஐயில் எப்படித் தெரியும் என்றால், ஊரில் வரும் பணம், அதாவது வீட்டு வாடகை போன்றது, என்.ஆர்.ஓவில் விழலாம். என்.ஆர்.இ என்பது வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கானது, அதனால் உள்ளூர் ஆட்கள் யுபிஐயில் அதற்குப் பணம் போட முடியாது. உங்கள் என்.ஆர்.ஓவிலிருந்து உங்கள் என்.ஆர்.இக்கு மாற்றுவதும் யுபிஐயில் நடக்காது, அதற்கு வரி தொடர்பான தாள்களோடு தனி வழி உண்டு. கொடுக்கல் வாங்கல் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு என்.ஆர்.ஓவை இணைப்பதே வசதி என்பது என் கருத்து.

வங்கியில் நம்பரைச் சரிசெய்வது: பாதி வேலை இங்கேதான்

யுபிஐ வேலை செய்யும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நீங்கள் ஆப்பைத் திறந்ததும் அது உங்கள் சிம்மிலிருந்து இந்தியாவில் இருக்கும் ஒரு நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்து, அதே நம்பர் எந்த வங்கியில் பதிவாகியிருக்கிறது என்று தேடும். பொருந்தினால் கணக்கு வரும், இல்லையென்றால் வராது. அவ்வளவுதான். ஆகவே வங்கிப் பதிவில் இருக்கும் நம்பர், போனில் இருக்கும் சிம், ஆப்பில் தட்டும் நம்பர் மூன்றும் நாட்டுக் குறியீட்டோடு ஒன்றாக இருக்க வேண்டும்.

என் விஷயத்தில் என்ன ஆனது தெரியுமா? நம்பர் மாற்றும் படிவத்தைக் கொடுத்து, மாறிவிட்டது என்று மெயிலும் வந்துவிட்டது. ஆப்பில் போய்த் தேடினால் இந்த நம்பரில் கணக்கே இல்லை என்கிறது. இரண்டு நாள் ஆப்பை அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வங்கிக்குப் போன் போட்டு, "என் நம்பரை முன்னால் இருக்கும் குறியீட்டோடு படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் "91..." என்று ஆரம்பித்தார். எட்டு இலக்கச் சிங்கப்பூர் நம்பருக்கு முன்னால் 91 போட்டுவைத்திருக்கிறார்கள்! கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திரும்ப அனுப்பி, அது 65 ஆக மாற ஒன்பது நாள் ஆனது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நெட் பேங்கிங்கில் ஓடிபி கேட்கும் ஏதாவது ஒரு வேலையைச் செய்யுங்கள், உதாரணமாகப் பணம் அனுப்பப் புதிதாக ஒருவர் பெயரைச் சேர்ப்பது. ஓடிபி உங்கள் வெளிநாட்டு நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்தால் பதிவு பெரும்பாலும் சரி. மெயிலுக்கு மட்டும் வந்தால் நம்பரில் ஏதோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

அதே போனில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "என்.ஆர்.ஓ கணக்குக்கு வெளிநாட்டு நம்பரில் யுபிஐ உங்கள் வங்கியில் உண்டா, எந்த ஆப்பில்?" நாடு பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் வங்கியும் ஆப்பும் இந்த வசதியைத் திறந்திருக்க வேண்டும். போன்பே, பீம், ஐசிஐசிஐயின் ஐமொபைல், ஃபெடரல் வங்கியின் ஃபெட்மொபைல் எல்லாம் திறந்திருக்கின்றன.

டெபிட் கார்டைத் தேடி எடுங்கள்

யுபிஐ பின் வைக்கப் பொதுவாக இரண்டு வழி இருக்கிறது, ஒன்று டெபிட் கார்டு, இன்னொன்று ஆதார் ஓடிபி. ஆதார் ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழி பெரும்பாலும் அடைபட்டதுதான். ஆகவே அந்தக் கணக்கின் டெபிட் கார்டு கையில் இருக்க வேண்டும், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், அதன் ஏடிஎம் பின்னும் தெரிந்திருந்தால் நல்லது, சில வங்கிகள் அதையும் கேட்கும். கார்டு ஊரில் பீரோவில் கிடக்கிறது என்றால் அம்மாவை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லி வரவழையுங்கள், அல்லது வங்கியில் புதுக் கார்டு கேளுங்கள்.

இப்போது ஆப்

உங்கள் போனின் ஆப் ஸ்டோர் எந்த நாட்டுக்குப் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டில் கிடைக்கும் ஆப் மட்டும்தான் காட்டும். தேடி வரவில்லை என்றால் வாட்ஸாப்பில் யாரோ அனுப்பும் கோப்பிலிருந்து மட்டும் போடாதீர்கள், பணம் போகிற ஆப் இது. வங்கியின் சொந்த ஆப்பில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டதும் நம்பர் கேட்கும் திரையில் +91 தான் முதலில் இருக்கும். அதைத் தட்டி +65ஐத் தேர்ந்தெடுத்து எட்டு இலக்கத்தையும் போடுங்கள். உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இந்த வழி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்துக்கொண்டு அதில் யுபிஐ போடுவதுதான் மிச்சம்.

அடுத்து எந்த சிம் என்று கேட்கும். இரண்டு சிம் இருந்தால் கவனமாகச் சிங்கப்பூர் சிம்மைத் தேர்ந்தெடுங்கள், இ-சிம் என்றாலும் பரவாயில்லை. இப்போது அந்த எஸ்எம்எஸ் போகும். ஆண்ட்ராய்டில் அதுவாகப் போய்விடும். ஐபோனில் மெசேஜ் திரை திறந்து புரியாத எழுத்துகள் நிரம்பி நிற்கும், அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்புங்கள். இது வெளிநாட்டு எஸ்எம்எஸ் என்பதை மறக்காதீர்கள். ப்ரீபெய்ட் சிம்மில் மெயின் பாலன்ஸ் இல்லாமல் டேட்டா பேக் மட்டும் இருந்தால் எஸ்எம்எஸ் போகாது, ஆப் சுற்றிக்கொண்டே இருந்து பிறகு சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லும். அப்படி வந்தால் ஆப்பைத் திட்டாமல், அதே சிம்மிலிருந்து ஊரில் யாருக்காவது சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று அனுப்பிப் பாருங்கள். அதுவும் போகவில்லை என்றால் சிம்மில்தான் கோளாறு, பாலன்ஸ் போடுங்கள் அல்லது சிம் நிறுவனத்திடம் வெளிநாட்டு எஸ்எம்எஸ்ஸைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

எஸ்எம்எஸ் தாண்டிவிட்டால் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கணக்கின் கடைசி நான்கு இலக்கம் தெரியும். எஸ்எம்எஸ் போய்விட்டது, ஆனால் கணக்கு வரவில்லை என்றால் அது நான் மாட்டிய 91 பிரச்சினையாகவே இருக்கலாம், அல்லது வங்கி இந்த வசதியைத் திறக்கவில்லை.

கணக்கு வந்ததும் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதம், வருடம், பிறகு போனுக்கு வரும் ஓடிபி, பிறகு நீங்கள் விரும்பும் 4 அல்லது 6 இலக்க யுபிஐ பின். முடிந்தது.

முதல் நாள் அவசரப்படாதீர்கள்

நான் முதலில் அக்காவுக்கு 1 ரூபாய் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று அவள் சொன்னபிறகு 2,340 ரூபாய் இ.பி. பில் கட்டினேன். அதற்குப் பிறகு வாசல் கதவுக்காகத் தச்சருக்கு 8,000 ரூபாய் அனுப்பப் போனால் மறுத்துவிட்டது. புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்தில் மொத்தமே 5,000 ரூபாய்தான் அனுப்பலாம், ஐபோனில் சில ஆப்புகளில் இது 72 மணி நேரம்கூட ஆகிறது. பின்னை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள், தப்பான பின்னைச் சில தடவை போட்டால் பூட்டிக்கொள்ளும். மறுநாள் அதே 8,000 சத்தமில்லாமல் போனது. பொதுவாகத் தனி நபருக்கு ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம், வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம்.

கணக்கில் பணம் கழிந்து எதிராளிக்குப் போகவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தனி நபருக்கு அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை மட்டும் குறித்துவையுங்கள், புகார் கொடுத்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒன்று

இதோடு பேநவ்–யுபிஐ இணைப்பைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2023 பிப்ரவரி 21இல் தொடங்கிய அது, சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலிருக்கும் டாலரை இந்தியக் கணக்குக்கு அனுப்பும் வழி. இங்கே நான் சொன்னது ஊரிலேயே கிடக்கும் ரூபாயை ஊருக்குள்ளேயே செலவு செய்வது. இங்கே அனுப்பும்போது டாலர் மாற்றுவது என்ற பேச்சே வராது.

ஒரு தடவை பதிந்தபிறகு வைஃபை இருந்தாலே போதும், ஊருக்குப் போயிருக்கும்போதும் டீக்கடை கியூஆரை ஸ்கேன் செய்து கொடுக்கலாம். ஆனால் சிம் போனிலேயே இருக்கட்டும், கழற்றினாலோ போன் மாற்றினாலோ மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிப் பதியச் சொல்லும். சிங்கப்பூரை விட்டுக் கிளம்புவதாகவோ நம்பரை மாற்றுவதாகவோ இருந்தால், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே வங்கியில் நம்பரை மாற்றிவிட்டு ஆப்பிலிருந்தும் கணக்கை நீக்கிவிடுங்கள். நாம் விட்ட நம்பரைச் சிம் நிறுவனம் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது கொடுத்துவிடும், நம் வங்கி ஓடிபி எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.