வரைபடத்தில் நேர்கோடு விழுந்தால்

சென்ற ஞாயிறு 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினேன். பயணத்தைப் பதிவு செய்யும் ஃபோன் செயலி 34 என்றது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்து செல்லும் ஏரிக்கரைச் சாலைக்குப் பதிலாகத் தண்ணீரின் குறுக்கே ஒரு நேர்கோடு!

இது ஜிபிஎஸ் பிழை அன்று. சிக்னல் பலவீனமானால் தடம் சாலையின் இருபுறமும் கோணல்மாணலாக அலையும். தூரம் பெரும்பாலும் கூடும். நீண்ட நேர்கோடு விழுந்து தூரம் குறைந்தால், பேட்டரியைச் சேமிக்க ஃபோனே செயலியை உறங்க வைத்துவிட்டது என்றே முதலில் சந்தேகியுங்கள். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பை Unrestricted என மாற்றுங்கள். பேட்டரி சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள்.

சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலையா? ஜிபிஎஸ்ஸைவிட, வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரைதான் அதிகம் குடிக்கிறது. திரையை அணைத்து ஃபோனைச் சட்டைப்பையில் வையுங்கள், பதிவு தொடரும்.

வழித்தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக நண்பருக்கு அனுப்பும் முன் இந்த நேர்கோடுகளைத் தேடிப் பாருங்கள். அவருடைய கருவி அதையே பாதையாகக் காட்டும். உங்கள் வீட்டு வாசலில் பதிவு தொடங்கியிருந்தால், வீடு இருக்கும் இடம் வெளியே தெரியாமலிருக்க முதல் சில நூறு மீட்டரையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.